பில் காசு பிந்தினால் வட்டி கேட்கலாமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் கிளிநொச்சி மாவட்டத்தில் தர்மபுரம் பக்கம் அரிசிமா, மிளகாய்த்தூள் செய்து பக்கற் போட்டு விற்கிறேன். என்னோடு நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். வவுனியாவில் ஒரு மொத்த வியாபாரிக்குச் சாமான் அனுப்புகிறேன். 30 நாளில் காசு என்று வாயால்தான் பேசினோம். ஜனவரி 10, பெப்ரவரி 14, ஏப்ரல் 4, ஜூன் 6 ஆகிய நாட்களில் கொடுத்த நாலு பில்லுக்கு மொத்தம் 505,000 ரூபா. ஓகஸ்ட் மாதம் கையில் 25,000 தந்தார். மிச்சம் 480,000 ரூபாவுக்கு ஒக்டோபர் ஆகியும் "அடுத்த கிழமை பாப்பம் அக்கா" என்ற பதில்தான். சாமான் இறக்கும்போது கடைப் பொடியன் பில் புத்தகத்தில் கையெழுத்து வைப்பான். எழுத்தில் வேறு ஒன்றும் இல்லை. நெல்லும் செத்தல் மிளகாயும் வாங்க நகையை அடகு வைத்து, அதற்கு வட்டி கட்டுகிறேன். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் காசு கொடுக்காவிட்டால் மூன்று மடங்கு வட்டி கொடுக்க வேண்டும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார். அது எனக்கும் கிடைக்குமா? கேட்டால் ஓடர் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

நீங்கள் பார்த்தது இந்தியச் சட்டம். தமிழில் வரும் இப்படியான காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வருபவை என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இலங்கையில் சிறு வழங்குநர்களுக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அதில் இருப்பதில் பாதியை நீங்களே உங்கள் ஓடர் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் சாமான் கொடுத்தால், எழுத்தில் ஒத்துக்கொண்ட திகதிக்குள் காசு வர வேண்டும். அந்தத் திகதியும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள்தான். பிந்தினால், அந்த நாட்டு மத்திய வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் முதலோடு சேரும் கூட்டு வட்டி ஏறும். ஒப்பந்தத்தில் வட்டியே கிடையாது என்று எழுதியிருந்தாலும் ஏறும். இதற்கெனத் தனி மன்றங்கள் உள்ளன. அந்த மன்றம் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குநர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகலாம். 2023-24 கணக்காண்டில் இருந்து வருமான வரியிலும் ஒரு கொக்கி போட்டார்கள். உரிய நாளுக்குள் கொடுக்காத பில்லை, காசு கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. வட்டிக்குப் பயப்படாத முதலாளிகூட இதற்குப் பயப்படுவார்.

இதில் என்னைக் கவர்வது மூன்று மடங்கு வட்டி அல்ல. சாமான் கையில் கிடைத்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், சாமான் கிடைத்த அன்றே அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. காசு கேட்கும்போதுதான் "போன லோட்டில் தூள் கட்டி பிடிச்சிருந்தது" என்று முதல் தடவையாகச் சொல்லும் வியாபாரியின் வாயை அந்த வரி அடைத்துவிடுகிறது. அதைக் கீழே உங்கள் தாளுக்கும் கொண்டுவருவோம்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். வட்டியைப் பற்றிப் பேச முன்னர் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. கடன்களுக்கு எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டில் இருந்து இங்கே நடைமுறையில் உள்ளது. அதன்படி, விற்றுக் கையளித்த சாமானின் விலைக்கும் கடைப் பில்லுக்கும் கணக்குப் புத்தகக் கடனுக்கும், காசு தர வேண்டிய நாளில் இருந்து ஒரே ஒரு வருடம்தான். எழுத்தில் செய்த ஒப்பந்தமாக இருந்தால் ஆறு வருடம். ஊரில் பலர் "கடனுக்கு ஆறு வருடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிவது இந்த இரண்டாவதைத்தான். உங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. கடைப் பொடியன் கையெழுத்து வைத்த பில், சாமான் இறங்கியதற்குச் சாட்சி. அதை எழுத்து ஒப்பந்தம் என்று நீதிமன்றம் ஏற்கும் என நம்பிக்கொண்டு இருக்க நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அந்த ஒரு வருடத்தை எந்த நாளில் இருந்து எண்ணுவது? 30 நாள் தவணை என்பது உண்மையானால் முதலாவது பில்லுக்குக் காசு தர வேண்டிய நாள் பெப்ரவரி 9. ஆகவே அடுத்த பெப்ரவரி 9 வரை இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த 30 நாள் வாய்ப்பேச்சு. "தவணை என்று ஒன்றும் இருக்கவில்லை, சாமான் இறங்கிய அன்றே காசு" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிட்டால், கணக்கு ஜனவரி 10இல் தொடங்கிவிடும். உங்களுக்குத் தவணை தந்ததாகச் சொல்லிக்கொண்டு உங்களை இழுத்தடித்த அதே ஆள், நீதிமன்றத்தில் தவணையே இல்லை என்று சொல்லக்கூடும். சொல்வதால் அவருக்கு இலாபம். அதனால் பிந்திய திகதியை நம்பாமல் முந்திய திகதியை வைத்து வேலை செய்யுங்கள். வருகிற ஜனவரி 10க்கு முன்னர் ஒன்று கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஓகஸ்டில் தந்த 25,000 இங்கே உங்களுக்கு உதவக்கூடிய விஷயம். கடனில் ஒரு பகுதியைக் கட்டுவது, மீதியும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது போல. அந்த நாளில் இருந்து காலக்கெடு புதிதாகத் தொடங்குகிறது என்று வாதிடலாம். ஆனால் அந்தக் காசு கையில் கொடுக்கப்பட்டது. பற்றுச்சீட்டு எழுதினீர்களா, எந்தப் பில்லுக்கு என்று அதில் குறித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. குறிக்கவில்லை என்றால் அது நாலு பில்லில் எதைச் சேர்ந்தது என்ற சண்டை வரும். "அது ஜூன் மாதப் பில்லுக்கு" என்று அவர் சொன்னால் முதலாவது பில்லுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. வாயால் "தருவேன்" என்று எத்தனை தரம் சொன்னாலும் காலக்கெடு நீளாது. எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும்.

வட்ஸ்அப்பில் "அடுத்த கிழமை போடுறன்" என்று ஏதாவது வந்திருக்கிறதா? இருந்தால் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு இப்படியான செய்திகளைச் சான்றாக முன்வைக்க வழியுண்டு. ஸ்கிரீன் ஷொட் மட்டும் போதாது, செய்தி வந்த போனும் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு ஈடாக அது நிற்குமா என்பதில் வாதம் இருக்கும் என்பதால், அதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வட்டி. எழுத்தில் வட்டி வீதம் பேசாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது என்பதல்ல. வழக்குப் போட்ட நாளில் இருந்து தீர்ப்பு வரையும், அதற்குப் பிறகு காசு கட்டி முடிக்கும் வரையும் வட்டி கொடுக்கும்படி கட்டளையிட, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 192ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இரு தரப்பும் பேசிய வீதம் இருந்தால் அந்த வீதம். இல்லையென்றால் சட்டரீதியான வட்டி வீதம். இந்த வீதத்தை இலங்கை மத்திய வங்கி ஒவ்வொரு ஆண்டுக்கும் தீர்மானித்து வர்த்தமானியில் வெளியிடுகிறது. அதோடு சேர்த்துச் சந்தை வட்டி வீதம் என்று இன்னொன்றையும் வெளியிடுவார்கள். அது கடன் கொடுக்கும் நிறுவனங்கள் போடும் வழக்குகளுக்கு உரியது. உங்களுக்கு உரியது முதலாவது.

வழக்குக்கு முந்திய மாதங்களுக்கு? அங்கேதான் எழுத்து இல்லாதவர் இழக்கிறார். காசு தர வேண்டிய திகதி எழுத்தில் நிச்சயிக்கப்பட்டிருந்தால், அது தாண்டிய அடுத்த நாளே மற்றவர் தாமதத்தில் விழுந்துவிடுகிறார். திகதி இல்லையென்றால், நீங்கள் நாள் குறித்துக் கேட்டு, அந்த நாளும் தாண்டிய பிறகுதான் தாமதம் என்று காட்ட முடியும். ஜனவரியில் இருந்து நீங்கள் தொலைபேசியில் கேட்டதற்கெல்லாம் சான்று இல்லை. ஆகவே உங்கள் வட்டிக் கணக்கு பெரும்பாலும் இனி எழுதப்போகும் கோரிக்கைக் கடிதத்தில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

காசில் இது எவ்வளவு என்று பெப்ரவரி 14ஆம் திகதிப் பில்லை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதை 125,000 ரூபா என்று வைப்போம். 30 நாள் தவணை மார்ச் 16இல் முடிகிறது. அதிலிருந்து ஒக்டோபர் 16 வரை 214 நாள். ஆண்டுக்கு 18 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரு வருட வட்டி 22,500, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 61 ரூபா 64 சதம், 214 நாளைக்கு 13,192 ரூபா. இந்தியாவில் வங்கி வீதம் ஆறு சதவீதம் என்று வைத்து மூன்று மடங்கைக் கூட்டு வட்டியாகப் போட்டாலும், அதே ஏழு மாதத்துக்கு 13,700 ரூபாவைத்தான் ஒட்டி வரும். அதாவது காணொளியில் கேட்டுப் பிரமித்த அந்தப் பெரிய வட்டியும், நீங்களே ஒரு வரி எழுதி எடுத்திருக்கக்கூடிய வட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போது ஒன்றும் எழுதாத நிலையில், சட்டரீதியான வீதம் பத்து சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்து, நீதிபதி மார்ச் 16இல் இருந்தே தந்தாலும் 7,329 ரூபாதான். கடிதம் எழுதும் நாளில் இருந்து மட்டும் தந்தால், கழிந்துபோன அந்த 214 நாளுக்கு ஒரு சதமும் இல்லை.

அடகு வட்டியை அப்படியே அவர் தலையில் கட்டலாமா என்றும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நகை வைத்துத்தான் மூலப்பொருள் வாங்குகிறீர்கள் என்பது ஒப்பந்த நேரத்தில் அவருக்குத் தெரியும் என்று நிறுவுவது பெரிய வேலை. அடகு வட்டிக்கு வேறு பயன் உண்டு. இனி எழுதப்போகும் தாமத வட்டி அந்த வீதத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால், உங்களிடம் கடன் வைத்திருப்பது அவருக்கு வங்கியில் ஓவர் டிராஃப்ட் எடுப்பதைவிட மலிவாகிவிடும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் கடிதம். பெரிய சட்ட வசனம் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும். ஆனால் ஒவ்வொரு பில்லின் இலக்கம், திகதி, தொகை மூன்றும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"கீழே குறிப்பிட்ட நான்கு பில்களின்படி உங்கள் கடைக்கு ஒப்படைத்த அரிசிமா, மிளகாய்த்தூள் ஆகியவற்றின் விலை 505,000 ரூபா. ஒவ்வொரு பில்லுக்கும் 30 நாளில் பணம் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தீர்கள். ஓகஸ்ட் மாதம் தந்த 25,000 ரூபா ஜனவரி 10ஆம் திகதிப் பில்லில் வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதி 480,000 ரூபாவை இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் செலுத்தவும். தவறினால் அந்தத் தொகையையும், தாமதத்துக்குரிய வட்டியையும், வழக்குச் செலவையும் கோரி நடவடிக்கை எடுப்பேன். சாமானில் ஏதும் குறை இருந்ததாகவோ தொகை பிழை என்றோ கருதினால் அதே 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தரவும்."

பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதப் பிரதியில் ஒட்டி வையுங்கள். கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். வியாபார விடயத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கடிதம் எழுதி இப்படி இப்படி இருக்கிறது என்று சொன்னால், ஒத்துக்கொள்ளாதவர் பதில் எழுதத்தான் வேண்டும், மௌனமாக இருந்தால் அது அவருக்கு எதிராகப் போகும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 1948இலேயே சொல்லியிருக்கிறது. நம் சட்டத்தரணிகள் இன்றைக்கும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். "30 நாள்" என்ற உங்கள் வாய்ப்பேச்சை முதல் தடவையாக எழுத்தில் கொண்டுவருவதும் இந்தக் கடிதம்தான். அவர் மறுத்து எழுதவில்லை என்றால் அந்தத் தவணையும் நிலைக்கும், 25,000 எந்தப் பில்லுக்கு என்பதும் நிலைக்க வழி கிடைக்கும்.

கடிதம் போன பிறகு பெரும்பாலும் தொலைபேசி வரும். "என்ன அக்கா, எனக்கே கடிதம் போடுறியளோ" என்று தொடங்கும். அப்போது சண்டை வேண்டாம். ஒரே நாளில் 480,000 கேட்டு நிற்கவும் வேண்டாம். நேரில் போய் ஒரு நிலுவை ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். நாலு பில்லையும் குறிப்பிட்டு, 480,000 ரூபா தர வேண்டியிருக்கிறது என்றும், மாதம் 80,000 வீதம் ஆறு தவணையில் ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி தருவேன் என்றும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்றும், அந்த மீதிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் சாதாரண வட்டி என்றும் எழுத வேண்டும். முதலாளியே தன் கையால் கையெழுத்து வைக்க வேண்டும். கடைச் சீலும் விழ வேண்டும். கடை தனி ஆள் பெயரிலா கம்பனிப் பெயரிலா பதியப்பட்டது என்று பார்த்து அந்தப் பெயரையே எழுதுங்கள். இந்த ஒரு தாள் கிடைத்துவிட்டால் ஒரு வருடக் கெடுவில் கிடந்த பில் கடன், எழுத்தில் செய்த வாக்குறுதியாகிவிடும். அதற்குத்தான் ஆறு வருடம். குறித்த தொகைக்கு எழுத்தில் இப்படி ஒரு ஆவணம் இருந்தால் சுருக்க நடவடிக்கை முறையிலும் வழக்குப் போட வழி இருக்கிறது. அதில் எதிராளி நினைத்தபடி நாள் கேட்டு இழுக்க முடியாது, எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

ஆறு தவணைக்கும் திகதி போட்ட ஆறு காசோலை வாங்கினால் இன்னும் நல்லது. காசோலையும் எழுத்து ஆவணம்தான். திரும்பி வந்தால் அதை வைத்தே சுருக்க முறையில் போகலாம், அதை வங்கியில் போட்ட நாளில் இருந்தே வட்டியும் கேட்கலாம். ஆனால் திகதி வந்ததும் வங்கியில் போட்டுவிட வேண்டும். "கொஞ்சம் பொறுங்கோ, இந்தக் கிழமை போடாதேங்கோ" என்பதற்கு இசைந்து ஆறு மாதம் தாண்டவிட்டால் வங்கி அதை ஏற்காது. நம் பகுதியில் காசோலை வாங்கியும் ஏமாந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஏமாந்தார்கள் என்பது என் கணிப்பு.

கையெழுத்தும் இல்லை, காசும் இல்லை என்றால் மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும். பில் புத்தகம், கடிதம், தபால் துண்டு மூன்றும் கையில் இருந்தால் பேச்சு அவ்வளவு தேவைப்படாது. அழைப்புப் போய், எதிராளி ஒரு தடவை வராமல் விட்டு, மறுபடி திகதி போட்டு என்று வாரங்கள் போகும். அதனால் கடிதத்தின் 14 நாள் முடிந்த கையோடு விண்ணப்பம் கொடுங்கள். மார்கழி வரை வைத்திருந்து பிறகு ஓடினால் ஜனவரி 10 உங்களை முந்திவிடும். சான்றிதழுக்குப் பிறகு வழக்கை வவுனியாவில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கடன் கொடுத்தவரைத் தேடிவந்து காசு கொடுப்பது கடனாளியின் கடமை என்ற கொள்கையின் அடிப்படையில், கிளிநொச்சியில் உள்ள நீதிமன்றத்தில் போட வாதம் இருக்கிறது. எதிராளி அதை ஆட்சேபிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இடையில் ஒரு விடயத்தை உங்களிடம் நான் நேரில் கேட்டிருப்பேன். அவர் உங்கள் சாமானை விலைக்கு வாங்கினாரா, அல்லது "விற்ற பிறகு காசு, விற்காததைத் திருப்பி எடுங்கோ" என்ற ஏற்பாடா? பொதி செய்த உணவுச் சாமானில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. காலம் முடிந்த பக்கற்றுகளை நீங்கள் திருப்பி எடுத்து மாற்றிக் கொடுத்திருந்தால், அதையே காட்டி "இது விற்றுத் தரும் ஏற்பாடு, விற்று முடியவில்லை" என்று அவர் சொல்லலாம். அப்போது சாமான் இறங்கிய நாளில் இருந்து 30 நாள் என்ற உங்கள் கணக்கே ஆட்டம் காணும். திருப்பி எடுத்தது உண்டென்றால், எந்த நாளில், எந்தப் பில்லில் இருந்து, எத்தனை பக்கற் என்று இப்போதே எழுதி, கடிதத்தில் கேட்கும் தொகையில் அதைக் கழித்துவிடுங்கள். கூட்டிக் கேட்ட ஒரு பில் மற்ற மூன்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

இனிமேல் போகும் சாமானுக்கு? பில்லின் அடியில் "30 நாளின் பின் வட்டி அறவிடப்படும்" என்று அச்சடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பில் போவது சாமானோடு. அதற்கு முன்னரே தொலைபேசியில் ஓடர் எடுத்து விலையும் பேசி முடித்துவிட்டீர்கள், ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த வரிக்கு மற்றப் பக்கம் எப்போது சம்மதித்தது என்று கேட்பார்கள். தொடர்ந்து பல மாதம் அதே வரியுள்ள பில்லை ஏற்றுக் காசும் கட்டியிருந்தால் சம்மதம் என்று வாதிட இடம் உண்டு. ஆனாலும் உறுதியான வழி, சாமான் ஏற்ற முன்னர் ஒரு பக்க ஓடர் தாளில் முதலாளியின் கையெழுத்து. ஒவ்வொரு ஓடருக்கும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தரம் ஒரு பொது உடன்பாடு எழுதி, "இதன் பின் தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ தரப்படும் எல்லா ஓடருக்கும் இது பொருந்தும்" என்று சேர்த்தால் போதும்.

அதில் எழுத வேண்டியது நாலைந்து வரிதான். சாமான் ஒப்படைத்த நாளில் இருந்து 30 நாளில் காசு. குறை இருந்தால் ஒப்படைத்து ஏழு நாளுக்குள் எழுத்திலோ வட்ஸ்அப்பிலோ அறிவிக்க வேண்டும், இல்லையேல் ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். இதுதான் நான் மேலே சொன்ன, இந்தியச் சட்டத்தில் இருந்து எடுக்கும் வரி. ஏழு நாள் மாவுக்கும் தூளுக்கும் போதும். பிந்தினால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் சாதாரண வட்டி, பிந்திய நாள் கணக்கில். ஒரு பில் 30 நாள் தாண்டி நிலுவையில் இருக்கும் வரை அடுத்த சாமான் அனுப்ப நான் கட்டுப்பட்டவள் அல்ல. சாமானை ஏற்றுக் கையெழுத்து வைக்க அதிகாரம் உள்ளவர்களின் பெயர் இன்னின்னது. கடைசி வரி கடைப் பொடியனுக்காக. அவன் வேலையை விட்டுப் போனபின் "அவன் யார் என்றே தெரியாது" என்று சொல்ல இடம் வைக்கக்கூடாது.

வட்டி வீதத்தைக் கோபத்தில் போடாதீர்கள். மாதம் பத்து சதவீதம் என்று எழுதினால் முதலாளி கையெழுத்து வைக்கமாட்டார். வைத்தாலும் அது இழப்பீடு அல்ல, தண்டம் என்று சொல்லி நீதிமன்றத்தில் அதை உடைக்கப் பார்ப்பார்கள். எந்த வீதமாக இருந்தாலும் வட்டி முதலைத் தாண்டிப் போக நம் சட்டம் விடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 125,000 ரூபாப் பில்லுக்கு வட்டி எவ்வளவு காலம் ஏறினாலும் 125,000க்கு மேல் கேட்க முடியாது.

ஓடர் போய்விடும் என்ற பயத்தை நான் சும்மா ஒதுக்கவில்லை. ஆனால் உங்கள் திகதிகளைப் பாருங்கள். ஜனவரிப் பில்லும் பெப்ரவரிப் பில்லும் தவணை தாண்டிக் கிடக்கும்போது ஏப்ரலில் மூன்றாவது லோட்டை அனுப்பினீர்கள், மூன்றும் கிடக்கும்போது ஜூனில் நாலாவதை அனுப்பினீர்கள். காசு வராத ஓடரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்திருக்கிறீர்கள். இந்த வியாபாரியை விட மனமில்லை என்றால் வட்டியை மறுபக்கத்தில் இருந்து பேசுங்கள். பத்து நாளுக்குள் காசு தந்தால் பில்லில் இரண்டு சதவீதம் கழிவு என்று சொன்னால் 125,000க்கு 2,500 ரூபா. அடகில் இருக்கும் நகையை ஒரு மாதம் முந்தி மீட்டால் மிச்சமாகும் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கழிவைச் சொல்லுங்கள். தாமத வட்டிக்குக் கையெழுத்து வைக்கத் தயங்கும் முதலாளிகள், அதே தாளில் முந்திக் கொடுப்பவருக்குக் கழிவு என்ற வரியும் இருந்தால் பேனாவை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கும்போது பில் புத்தகத்தின் காபன் பிரதிகளை மூலமாகவே கொண்டு போங்கள், படம் எடுத்து அல்ல. காபன் எழுத்து வெயிலில் மங்கும் என்பதால் அதற்கு முன்னர் ஒரு போட்டோப் பிரதியும் எடுத்து வையுங்கள். ஓகஸ்ட் 25,000க்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், அன்றைக்கு உங்கள் வரவு செலவுக் கொப்பியில் எழுதிய வரி அல்லது அந்தக் காசை வங்கியில் போட்ட துண்டு, இரண்டில் எது இருக்கிறது என்று தேடிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.